ஷஃபான் இருபத்திரண்டா, இருபத்துமூன்றா?

கப்பலில் சமையற்காரரைப் பண்டாரி என்று அழைப்பது கடல்தொழிலில் பழைய வழக்கம். அவருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மனைவி மட்டும் "என்னங்க" என்பாள். மற்ற எல்லோருக்கும் அவர் பண்டாரிதான். ஐம்பதைத் தாண்டியவர். கைகள் பெரியவை, குரல் சிறியது. பதினான்கு பேருக்கு உலை வைத்துப் பழகிய கை ஒருவருக்குச் சமைக்க மறுத்ததால், அந்தக் கப்பலில் தனியாக இருந்த முதல் மாதம் முழுவதும் தினமும் மிஞ்சிய சோற்றை மீனுக்குக் கொட்டினார். பிறகு ஒரு தேநீர்க் கோப்பையை அளவாக வைத்துக்கொண்டார்.

தனியாக இருக்க நேர்ந்த கதை எளியது. கப்பலுக்கு எண்ணெய் விற்றவர்களுக்கும் அதன் முதலாளிக்கும் வழக்கு முற்றியது. அந்நியத் துறைமுகத்தின் நீதிமன்றம் கப்பலை நங்கூரமிட்ட இடத்திலேயே பிடித்து வைத்தது. பிடிபட்ட கப்பலைக் காவலரில்லாமல் விடக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். கேப்டன் காவலராகக் கையொப்பமிட்டார். நெஞ்சுவலி வந்து ஊருக்குப் போனார். அடுத்து முதல் அதிகாரி, அவருக்கு அடுத்து இயந்திர அதிகாரி. இப்படி ஒவ்வொருவராகக் கையொப்பத்தைக் கீழே தள்ளிவிட்டு விடைபெற, கடைசியில் அது அடுப்படியில் வந்து நின்றது. தமக்குப் பொருள் விளங்காத ஒரு தாளில் பண்டாரி தம் பெயரை எழுதினார். அன்று மாலை கப்பலில் அவர் மட்டும் இருந்தார்.

சிறுவயதில் குர்ஆன் ஓதக் கற்றவராதலால் அரபு எழுத்து அவருக்கு வாசிக்க வரும். எழுத்துக் கூட்டி உச்சரித்துவிடுவார், பொருள் தெரியாது. கிழமைகளின் பெயர்களும், ஷஃபான் முதலான இஸ்லாமிய மாதங்களின் பெயர்களும், எண்களும் மட்டும் தெரியும். இந்த அரைகுறை அறிவால் கரையிலிருந்து வரும் தாள்கள் அவருக்கு ஒரு வகை வேதனையாயின. சத்தம் போட்டு வாசிக்கலாம், தம்மை என்ன செய்யப்போகிறார்கள் என்று மட்டும் அறிய முடியாது.

பிப்ரவரி நடுவில் ஒரு புதன்கிழமை, விசைப்படகில் நீதிமன்ற ஊழியர் ஒருவர் பசைக் கிண்ணத்தோடு வந்தார். அச்சிட்ட படிவம்; தேதிகளுக்கான இடங்களில் மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தது. முதல் தேதியை ஊழியர் பண்டாரியின் கண்ணெதிரிலேயே எழுதினார். இரண்டாவது ஏற்கெனவே அலுவலகத்தில் எழுதப்பட்டிருந்தது. ஏணிக்கு அருகே இருந்த இரும்புச் சுவரில் தாளை ஒட்டும்போது பசைக் கிண்ணத்தைப் பிடிக்கச் சொல்லிப் பண்டாரியிடம் நீட்டினார். பண்டாரி பிடித்துக்கொண்டார். அந்த மாதத்தில் அவர் ஒரு மனிதருக்குச் செய்த ஒரே உதவி அது. ஊழியர் போனதும் தாளைத் தம் கைப்பேசியில் படம் எடுத்து, கரையிலிருந்த இருவருக்கு அனுப்பினார்.

ஒருவர் மாலுமிகள் நலச்சங்கத்தில் வேலை பார்க்கும் தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் சங்கம். ஒரு மேசை, ஒரு கெட்டில், சுவரையொட்டிக் கோப்புகள். அவரைப் பண்டாரி "தம்பி" என்பார். காவலிலிருந்து தம்மை விடுவிக்க வேண்டும் என்ற பண்டாரியின் மனுவை நீதிமன்றத்தில் கொடுத்தவர் அவரே. மற்றவர் கப்பல் முகவர் அலுவலகத்து எழுத்தர், அவரும் தமிழர்தான். பண்டாரி கரையிறங்க அனுமதிச் சீட்டு வாங்குவதும், அவர் இல்லாத நேரத்துக்கு மாற்றுக் காவலாளை அனுப்புவதும் அந்த எழுத்தர் பொறுப்பு.

நலச்சங்கத்துத் தம்பி தாளின் சாரத்தை அன்றே தொலைபேசியில் சொன்னார்.

"அண்ணே, நல்ல சேதி. உங்க மனுவ எடுத்துக்கிட்டாங்க. இதே மாசம் ஷஃபான்ல அமர்வு. காவலர் நேர்ல வரணும், வரலைன்னா மனுவ தள்ளிடுவாங்க. அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"தள்ளினா என்ன ஆகும் தம்பி?"

"திரும்பப் போடணும். ஆனா அடுத்த மாசம் நோன்பு. அப்புறம் விடுமுறை. கப்பல் வழக்கு மறுபடி வர ரெண்டு மாசமாவது ஆகும். அதனால தப்பவிடாதீங்க."

"தப்பவிட நான் எங்க போறேன்? மாடிப்படி ஏறினா மேல்தளம், இறங்கினா அடுப்படி."

தேதியை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அனுமதிச் சீட்டை எழுத்தர்தானே வாங்கப்போகிறார், தேதியும் அவர் பார்த்துக்கொள்வார் என்று தம்பி விட்டுவிட்டார். கோப்புகளில் சிறு தேதிகூடப் பிசகாதவர் செய்த ஒரே பிசகு அது.

அந்த வாரக் கடைசியில் காற்று எழுந்தது. இரண்டு நாள் அலைத்துளி இரும்புச் சுவரில் அறைந்ததில் தாள் ஊறி, விளிம்பு சுருண்டு, ஒரு விடியலில் காணாமற்போயிற்று. பசை மட்டும் வெள்ளைச் சதுரமாக மிஞ்சியது. இனி இருந்தது கைப்பேசியிலிருந்த படம்தான். அதிலும் குறை உண்டு. ஒட்டும்போதே மேலே தண்ணீர் தெறித்திருந்ததால், இரண்டாவது தேதியின் முதல் இலக்கம் தலைப்பக்கம் கரைந்து நீலக் கறையாகத் தெரிந்தது.

பிப்ரவரி முடியும் தறுவாயில் எழுத்தர் செய்தி அனுப்பினார்: "பாய், ஷஃபான் 22, அதாவது மார்ச் 3 ஞாயிறு. சீட்டு ரெடி. காலைல ஏழு மணிக்குப் படகு வரும்."

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலைநாள். பண்டாரி அதைப் பலமுறை வாசித்தார். கரை என்பதையே அவர் மறக்கத் தொடங்கியிருந்தார். பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார், பூசணம் பிடித்திருந்தது. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக் காயப்போட்டார். பிறகு மனைவியை அழைத்தார்.

கப்பலில் கைப்பேசிச் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. நங்கூரத்தைச் சுற்றிக் கப்பல் நீரோட்டத்துக்கேற்பத் திரும்பும். கரைப்பக்கமாக இருந்த விளிம்பு அரைநாளில் கடல்பக்கமாகிவிடும். ஆகவே பேச வேண்டுமானால் தாமும் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். அன்று பின்பக்கம், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே கிடைத்தது.

"என்னங்க, கப்பலுக்கே வாக்கப்பட்டுட்டீங்களோன்னு இருந்தேன்," என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பேசும்போது மிஷின் ஓட்டத்தை நிறுத்த மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஷஃபான் இருபத்திரண்டு."

மிஷின் நின்றது. தாள் புரளும் ஓசை கேட்டது.

"இருபத்திரண்டு ஞாயிறா? நம்ம பள்ளிவாசல் காலண்டர்ல இருபத்திரண்டு திங்கக்கிழமைல்ல போட்டிருக்கு."

"நமக்கு பிறை ஒரு நாள் பிந்தி. இங்க ஒரு நாள் முன்னாடியே மாசம் பிறந்துடும்."

"உங்க நாட்டு நிலாவும் எங்க நாட்டு நிலாவும் வேறயா என்ன?"

"நிலா ஒண்ணுதான். பார்க்கிறவன்தான் வேற."

"சரி. நோட்டீஸ்ல கிழமை போட்டிருக்கா?"

கிழமை இருந்தது, தாம் அதை வாசித்ததும் பண்டாரிக்கு நினைவிருந்தது. ஆனால் எழுத்தர் தேதியைச் சொன்னவுடன், அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அழைப்பைத் துண்டிக்காமலேயே படத்தைத் திறந்து பெரிதாக்கினார். கிழமை தெளிவாக இருந்தது. அதன்மேல் கறை இல்லை. எழுத்துக் கூட்டினார்.

"இஸ்னைன். திங்கள்னு போட்டிருக்கு."

"பார்த்தீங்களா. நம்ம காலண்டர்தான் சரி," என்றாள் அவள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவளைப் பொறுத்தவரை விஷயம் தீர்ந்துவிட்டது.

பண்டாரிக்குத் தீரவில்லை. எழுத்தரை அழைத்தார்.

"சார், நோட்டீஸ்ல திங்கள்னு இருக்கு. நீங்க ஞாயிறுன்னு சொல்றீங்க."

"பாய், நான் சொல்லல, ஆப் சொல்லுது. இருபத்திரண்டு, எட்டாம் மாசம், ஆயிரத்து நானூத்து நாப்பத்தஞ்சு. போட்டேன், ஞாயிறு வந்துச்சு. அந்த கோர்ட்டு குமாஸ்தா கிழமைய தப்பா எழுதியிருப்பான்."

"தேதிய தப்பா எழுதியிருந்தா?"

"ஐயோ பாய், தேதிதான் கேஸு. கிழமையெல்லாம் அலங்காரம். ஒரு கல்யாணப் பத்திரிகைல வாழ்த்து போடற மாதிரி."

"அப்போ ரெண்டு நாளும் சீட்டு வாங்கிக் கொடுங்க சார்."

"ரெண்டு நாளா? உங்களுக்கு மாத்தா ஒருத்தன் கப்பல்ல உக்காரணும், அவனுக்கு ஒரு நாளைக்குத்தான் கையெழுத்து. துறைமுக அலுவலகம் நம்ம மாமியார் வீடு இல்ல, கேட்டதெல்லாம் குடுக்க."

ஒரே சீட்டு, ஒரே நாள். தவறான நாளைத் தேர்ந்தால் இன்னும் இரண்டு மாதம் அந்த இரும்புக்குள். பண்டாரி தேநீர் வைத்து, குடிக்க மறந்து, ஆறியதைக் கடலில் ஊற்றினார். பிறகு நலச்சங்கத்துத் தம்பியை அழைத்தார்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டார். எழுத்தருக்குப் போன படத்தை அன்றே தாம் பார்த்திருந்தும் தேதியைச் சரிபார்க்காமல் விட்டதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டுவிட்டு, வேலைக்கு வந்தார்.

"அண்ணே, ஆப்ப கொஞ்சம் மறந்துடுவோம். தாள்ல ரெண்டு தேதி இருக்கு. முதல் தேதி என்ன?"

"ஷஃபான் நாலு. கிழமை அர்பிஆ. புதன்."

"அன்னிக்குத்தான் அந்த ஆள் வந்து ஒட்டினாரா?"

"என் கையிலதான் பசைக் கிண்ணம் இருந்துச்சு. என் முன்னாடிதான் எழுதினாரு. புதன்தான்; கைப்பேசில படத்துல பிப்ரவரி பதினாலுன்னும் இருக்கு."

"பிப்ரவரி பதினாலு புதன்தான். ஆக முதல் தேதியும் கிழமையும் பொருந்துது. இவங்க எந்தப் பிறையப் பார்த்து மாசம் தொடங்கினாங்கன்னு நாம அலைய வேண்டாம். இந்தத் தாளுக்கு நாலு புதன். அதுபோதும். இப்போ விரல் விட்டு எண்ணுங்க. நாலு புதன்னா, திங்கள் எது?"

பண்டாரி விரல்கணுக்களைத் தொட்டார். "அஞ்சு வியாழன், ஆறு வெள்ளி, ஏழு சனி, எட்டு ஞாயிறு, ஒன்பது திங்கள்."

"அதுல ஏழு ஏழா கூட்டுங்க."

"பதினாறு. இருபத்துமூணு."

"ஆக ஷஃபான்ல திங்கள் வர்றது இருபத்துமூணு. இருபத்திரண்டு ஞாயிறு. ரெண்டு தேதியும் ஒரே மாசம், நடுவுல மாசம் முடியறதில்ல, இருபத்தொன்பதா முப்பதாங்கிற வம்பும் இல்ல. எழுத்தர் சொன்னது கணக்குப்படி சரிதான். இருபத்திரண்டா இருந்தா ஞாயிறுதான். ஆனா அது இருபத்திரண்டாங்கறதுதான் கேள்வி."

"எனக்கும் இருபத்திரண்டு மாதிரிதான் தெரியுது தம்பி. நான் ஓதின கிதாபுல அரபு ரெண்டுக்குத் தலையில ஒரு குழி, மூணுக்கு ரெண்டு குழி."

"அது அச்செழுத்துல. கைல வேகமா எழுதறவங்க மூணுக்கு ரெண்டாவது குழியப் போட மாட்டாங்க. ஒரே குழியோட விட்டுடுவாங்க. அச்சு ரெண்டு மாதிரியே இருக்கும். அப்போ ரெண்டை எப்படி எழுதுவாங்கன்னா, குழியே இல்லாம, மேல ஒரு சின்ன வளைவு, கீழ ஒரு கோடு. கடைசி இலக்கத்தப் பாருங்க. குழி இருக்கா?"

பண்டாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஒரு குழி இருக்கு."

"முன்னாடி இருக்கிற இலக்கத்துல?"

"அதுலதான் கறை. தலையே தெரியல. தலை தெரிஞ்சா ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்."

"அதான். எழுத்து மட்டும் சாட்சி சொல்லாது. கிழமை சொல்லுது."

"ஆனா தம்பி, கிழமைய தப்பா எழுதியிருந்தா?"

தம்பி அதை லேசாகத் தள்ளிவிடவில்லை. "எழுதலாம். முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் பாருங்க: இருபத்துமூணுன்னு எடுத்தா, தாள்ல எல்லாம் பொருந்துது. யாரும் தப்பு செய்யல. இருபத்திரண்டுன்னு எடுத்தா, அந்த எழுதினவர் கிழமைல தப்பு செஞ்சாருன்னு நாம நம்பணும். எனக்கு முதலாவதுதான் சரின்னு படுது. முடிவு உங்களோடது அண்ணே. கப்பல்ல இருக்கிறது நீங்க."

"இந்த இடத்துல என் பொண்டாட்டி சொன்ன திங்களும் நீ சொல்ற திங்களும் ஒண்ணா தம்பி?"

"மார்ச் நாலு, ரெண்டும் ஒண்ணுதான். அவங்க வேற கணக்குல வந்தாங்க. அவங்க ஊர்ல மாசம் ஒரு நாள் பிந்திப் பிறந்ததால இருபத்திரண்டு அங்க திங்கள்ல விழுந்துச்சு. ஆனா இந்தத் தாள் அந்த ஊர்க் காலண்டர் இல்ல. அவங்ககிட்ட இதச் சொல்லாதீங்க, ஜெயிச்சுட்டோம்னு இருக்கட்டும்."

பண்டாரி சிரித்தார். தம் சிரிப்புச் சத்தம் இரும்பில் மோதித் திரும்பியபோது திடுக்கிட்டார்.

எழுத்தர் எளிதில் இறங்கவில்லை. கட்டாயப்படுத்தினால் ஞாயிறன்று படகில் ஏறவே மாட்டேன் என்று பண்டாரி சொன்ன பிறகு, தம்பியும் ஒரு கடிதம் அனுப்பிய பிறகு, சலித்துக்கொண்டே சீட்டைத் திங்களுக்கு மாற்றினார். கூடவே ஒரு குரல்பதிவு வந்தது: "பாய், மாத்தியாச்சு. ஞாயித்துக்கிழமை கேஸ் முடிஞ்சுபோச்சுன்னா என்ன குத்தம் சொல்லக்கூடாது. உங்க வாயாலயே சொல்லி அனுப்புங்க." பண்டாரி கைப்பேசியை வாயருகே வைத்து, "என் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல மூன்று முறை முயல வேண்டியிருந்தது. முதல் இரண்டு பதிவுகளை அழித்துவிட்டார்.

பிறகு ஞாயிறு வந்தது.

காலை ஏழு மணிக்குப் படகு வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். வராமலிருக்கச் செய்தவரும் அவர்தான். ஆனாலும் ஏணியருகே போய் நின்றார். கரையில் கட்டடங்கள் வெயிலில் வெள்ளையாக நின்றன. அவற்றுள் நீதிமன்றம் எது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ ஒன்றில் இப்போது ஒருவர் தம் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஒருமுறை கூப்பிட்டு, இடைவெளி விட்டு, இன்னொரு முறை கூப்பிட்டு, பிறகு அடுத்த தாளைப் புரட்டலாம். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் இருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தார். தண்ணீர் கொதிக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பாத்திரங்களைக் கழுவினார். கழுவினவற்றை மறுபடி கழுவினார். அறைகளைத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் விட்டுப்போனவர்களின் மிச்சம் கிடந்தது: ஒரு ஒற்றைச் செருப்பு, சீப்பு, பாதி எழுதிய குறுக்கெழுத்துப் புதிர். கேப்டனின் அறையில் நாற்காலி வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது, யாரோ சற்று முன் எழுந்து போனதுபோல. அவர் அதை நேராக்கிவிட்டு வந்தார். மதியம் சிக்னல் கப்பலின் மூக்குப்பகுதிக்கு மாறியபோது மனைவியை அழைத்தார்.

"கோர்ட்டு என்னாச்சு?" என்றாள் அவள்.

"நாளைக்குத்தானே."

"ஆமா, நாளைக்கு. நான் மறந்தே போயிட்டேன்." சற்று நிறுத்தினாள். "நீங்க எப்படி இருக்கீங்க?"

அவள் அப்படிக் கேட்டு நாளாகியிருந்தது. வழக்கமாக, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். சமையற்காரரிடம் அது ஒரு கேலி. பண்டாரி ஏதோ சொல்லத் தொடங்கினார். "இன்னிக்கு நாளே போகமாட்டேங்குது," என்று மட்டும் வந்தது. அதற்குள் கப்பல் கொஞ்சம் திரும்பி, அவளுடைய குரல் சில்லுசில்லாக உடைந்து நின்றுபோனது. கைப்பேசியைப் பிடித்தபடி மறுபக்கம் ஓடினார். அங்கும் இல்லை.

திங்கட்கிழமை படகு சரியாக வந்தது. மாற்றுக் காவலாள் ஏறினான், பண்டாரி இறங்கினார். கரையில் நடந்தபோது நிலம் அசையாதது அவருக்கு விசித்திரமாக இருந்தது; ஒவ்வோர் அடியையும் அது இல்லாத ஆட்டத்துக்கேற்ப வைத்தார். நலச்சங்கத்துத் தம்பி நீதிமன்ற வாசலில் நின்றிருந்தார். குரலால் மட்டுமே அறிந்தவரைப் பண்டாரி முதல்முறையாகப் பார்த்தார், நினைத்ததைவிடக் குட்டை.

"அண்ணே, உள்ள போகலாம். முதல்ல கதவப் பார்ப்போம்."

நீதிமன்ற அறைக் கதவில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருந்தது. தலைப்பில் அச்சிட்ட தேதி. அச்சானதால் மூன்றுக்கு இரண்டு குழிகள் இருந்தன. ஷஃபான் இருபத்துமூன்று, திங்கள். பட்டியலின் நடுவில் கப்பலின் பெயர். தம்பி விரலை வைத்துக் காட்டினார். பண்டாரி அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. நேத்து முழுக்க இந்தக் கதவு முன்னாடி நின்ன மாதிரி இருந்துச்சு."

விசாரணை அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. நீதிபதி கேட்க, மொழிபெயர்ப்பாளர் சொல்ல, பண்டாரி "ஆமா" என்றார். நீங்கள்தான் காவலரா? ஆமா. விடுவிக்கப்பட விரும்புகிறீர்களா? ஆமா. சம்பளக் கோரிக்கை தனி வழக்காக நிற்கும், புரிகிறதா? ஆமா. வாழ்க்கையின் ஒரு பெரிய பகுதி மூன்று ஆமாக்களில் முடிந்ததைக் கண்டு அவருக்குச் சற்று ஏமாற்றம்கூட உண்டாயிற்று. துறைமுக நிர்வாகம் வேறொரு காவலரை அமர்த்த வேண்டும், அவர் வந்து பொறுப்பேற்றதும் இவரை அனுப்பலாம் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்தபோது எழுத்தர் தொலைபேசியில் வந்தார்.

"பாய், என்னாச்சு?"

"விட்டுட்டாங்க சார். திங்கள்தான்."

"ம்ம். அந்தக் குமாஸ்தா ஒழுங்கா எழுதியிருந்தா இந்தப் பாடே இல்லல்ல," என்றார் எழுத்தர். தாம் தவறினோம் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லும் கலையில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. பண்டாரி வற்புறுத்தவில்லை. "ஆமா சார், கையெழுத்துதான்," என்றார்.

அதே வாரத்தில் புதிய காவலர் வந்தார். இழுவைப்படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பண்டாரியின் வயதுதான், தமிழ் பேசுபவர். ஒரு படுக்கைச் சுருளும் ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். பண்டாரி அவருக்கு மின்னாக்கியை எப்படி இயக்குவது, குடிநீர் எந்தத் தொட்டியில், எந்தக் கதவு இறுகிக்கொள்ளும் என்றெல்லாம் காட்டினார். புதியவர் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியாகக் கேட்டார்:

"பேச்சுத்துணைக்கு யாராச்சும் வருவாங்களா?"

"தண்ணி கொண்டுவர்ற படகு வரும்."

"அதுல வர்றவன் பேசுவானா?"

"கை அசைப்பான்."

புதியவர் கடலைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு?"

"நான் கையெழுத்துப் போட்டப்போ மூணு வாரம்னாங்க," என்றார் பண்டாரி. சொன்ன பிறகுதான், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

போகுமுன் சமைத்தார். சோறும் பருப்பும், டின் மீனில் ஒரு வறுவலும். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி என்று கையால் எடைபோட்டபோது கை சற்றுத் தயங்கியது. இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்தார்கள். எதிரில் ஒருவர் சாப்பிடும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது பண்டாரிக்கு மறந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் உற்றுப் பார்ப்பதாகிறது. தட்டைப் பார்த்தால் தனியாகச் சாப்பிடுவதுபோல் ஆகிறது. உப்புச் சாடியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு," என்றார் புதியவர். "எனக்கு முட்டை அவிக்கத்தான் தெரியும்."

"அரிசிக்கு அந்தத் தேநீர்க் கோப்பைல ஒரு கோப்பை. அதுக்கு மேல போடாதீங்க, வீணாகும்."

விசைப்படகு வந்து கப்பலின் பக்கத்தில் உரசி நின்றது. ஊதல் ஒலித்தது. பண்டாரி சட்டென்று எழுந்தார். பாதித் தட்டு மிஞ்சியிருந்தது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அத்தனை மாதமாக இந்த ஊதலுக்குத்தான் காத்திருந்தார். ஏணிக்கு ஓடத்தான் கால் துடித்தது.

"சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் புதியவர், சோற்றைப் பிசைந்தபடி, அவரைப் பாராமல். "படகு நிக்கும். நிக்கலைன்னா நான் சத்தம் போட்டு நிறுத்தறேன்."

ஊதல் இன்னொரு முறை ஒலித்தது. பண்டாரி பையைக் கீழே இறக்கி வைத்தார். ஏணிப்பக்கம் எட்டிப் பார்த்து, "ஒரு அஞ்சு நிமிஷம்!" என்று கத்தினார். பிறகு மறுபடி வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.